சம்பளம் பேச அரை மணி நேரம் கேட்பது எப்படி?

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பத்துப் பேர் கொண்ட டீமுக்கு நான் மேனேஜராக இருந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஆறரை மணிக்கு ஒரு செய்தி வந்தது. "சார், உங்ககிட்ட அவசரமா பேசணும். திங்கட்கிழமை டைம் கிடைக்குமா?" அனுப்பியவர் டீமிலேயே நம்பகமான டெஸ்டிங் பொறியாளர். வேலையை விடப்போகிறார் என்று நினைத்துவிட்டேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவர் இடத்துக்கு யாரைக் கொண்டுவருவது என்றே மனம் ஓடியது. ஞாயிறு இரவு என் மேலதிகாரியிடம் சொல்லியும் விட்டேன்.

திங்கட்கிழமை அவர் பேச வந்தது சம்பளத்தைப் பற்றி. கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் அவர் எந்த கிரேடில் இருக்கிறார், கடைசி உயர்வு எவ்வளவு, அந்த கிரேடின் உச்ச வரம்பு என்ன என்று எதையும் நான் எடுத்துப் பார்த்திருக்கவில்லை. "பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பினேன். அவர் போகப்போகிறார் என்ற பேச்சு அதற்குள் மேலே போய்விட்டதால், அடுத்து வந்த பெரிய பொறுப்பும் வேறொருவருக்குப் போனது. அவசரப்பட்டது என் தவறு. அதே சமயம், அந்தச் செய்தியில் "சம்பளம்" என்ற ஒரு சொல் இருந்திருந்தால் அந்த இரண்டு நாளும் நான் வேறு மாதிரி செலவழித்திருப்பேன்.

சம்பளப் பேச்சைப் பற்றி அறிவுரை சொல்பவர்கள் பெரும்பாலும் மேனேஜரோடு பேசும் அழைப்புக்குள் என்ன சொல்வது என்பதையே சொல்கிறார்கள். அழைப்பைக் கேட்டு அனுப்பும் நாலு வரிச் செய்தியை யாரும் பொருட்படுத்துவதில்லை. மேனேஜர் தயாராக வருவாரா, வெறுங்கையோடு வருவாரா என்பது அந்த நாலு வரியில்தான் முடிவாகிறது.

மேனேஜரிடம் என்ன இருக்கிறது

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒருவர் 2022 ஜூலையில் ஆண்டுக்கு 5.8 லட்சம் சி.டி.சி.யில் சேர்ந்தார் என்று வையுங்கள். அதன்பின் மூன்று அப்ரைசல். 7, 8, ஏழரை சதவீதம் என்று ஏறி இப்போது ஏறக்குறைய 7.2 லட்சம். 2025 செப்டம்பரில் அவருக்கு மேலிருந்த சீனியர் விலகியதும், பில்லிங் மாட்யூலின் டெஸ்டிங் முழுக்க இவர் தலையில் வந்தது. இரண்டு ஜூனியர்களின் வேலையைப் பிரித்துக் கொடுப்பதும், ரிலீஸுக்கு முன் ஒப்புதல் தருவதும் இவர்தான். சம்பளம் மாறவில்லை. அந்தப் பொறுப்புக்கு 9 லட்சம் சரி என்று விசாரித்துத் தெரிந்துகொண்டிருக்கிறார். அதாவது 1.8 லட்சம் கூடுதல், 25 சதவீத உயர்வு.

இப்போது மேஜையின் மறுபக்கம். டீமில் பத்துப் பேர், எல்லோர் சம்பளமும் சேர்த்து ஆண்டுக்கு 90 லட்சம், இந்த ஆண்டு உயர்வுக்கு 8 சதவீதம் ஒதுக்கீடு என்றால் மேனேஜர் கையில் இருப்பது 7.2 லட்சம். அதிலிருந்து 1.8 லட்சத்தை இவருக்கே கொடுத்தால் கால் பங்கு போய்விடும். மீதி ஒன்பது பேருக்கும் சராசரி 8-லிருந்து ஆறரை சதவீதமாக இறங்கும். நல்ல எண்ணம் கொண்ட மேனேஜரும் இதற்குத் தயங்குவார்.

வழி வேறு இடத்தில் இருக்கிறது. பதவி உயர்வுக்கும், செய்யும் வேலைக்கும் சம்பளத்துக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யவும், பல நிறுவனங்களில் ஆண்டு உயர்வுக்கு வெளியே தனி ஒதுக்கீடு உண்டு. ஆனால் அதை மேனேஜர் தாமாகத் தர முடியாது. காரணம் எழுத வேண்டும், எச்.ஆர். பார்க்க வேண்டும், துறைத் தலைவர் கையெழுத்திட வேண்டும். இதற்கெல்லாம் வாரங்கள் ஆகும். ஆகவே "எனக்கு ஹைக் வேணும்" என்று கேட்பவர் அந்த 7.2 லட்சத்தின் முன்னால் வரிசையில் நிற்கிறார். "என் பொறுப்பு மாறியிருக்கிறது, அதற்கேற்ப கிரேடும் சம்பளமும் மாற வழி உண்டா" என்று கேட்பவர் வேறொரு கதவைத் தட்டுகிறார். எந்தக் கதவு என்று செய்தியிலேயே தெரிந்தால், மேனேஜர் உங்களோடு பேசுவதற்கு முன்பே எச்.ஆரிடம் ஒரு வார்த்தை கேட்டு வைத்திருப்பார்.

எப்போது அனுப்புவது

ஏப்ரல் முதல் மார்ச் வரை கணக்கு வைக்கும் நிறுவனங்களில், சுயமதிப்பீட்டுப் படிவம் வழக்கமாக ஜனவரி, பிப்ரவரி வாக்கில் வரும். பிறகு மேனேஜர் ரேட்டிங் போடுவார். அதன்பின் பல டீம்களின் ரேட்டிங்கையும் ஒப்பிட்டுச் சமன் செய்யும் கூட்டம் நடக்கும். கடைசியாகப் பெயருக்கு எதிரே சதவீதம் போட்ட பட்டியல் மேலே போகும். உங்கள் கைக்குக் கடிதம் வருவது இதெல்லாம் முடிந்து பல வாரங்கள் கழித்து. கடிதம் வந்த அன்று மேனேஜரிடம் பேசுவது இயல்பாகத் தோன்றும். ஆனால் அன்று அவர் செய்யக்கூடியது மிகக் குறைவு. கடிதம் வரும் மாதத்திலிருந்து மூன்று நான்கு மாதம் பின்னோக்கி எண்ணுங்கள், அதுதான் கேட்க வேண்டிய காலம். நம் உதாரணத்தில் டிசம்பர் இரண்டாம் பாதி, அல்லது ஜனவரி தொடக்கம். ஜனவரி முதல் டிசம்பர் வரை கணக்கு வைக்கும் நிறுவனங்களுக்கும் இதே எண்ணிக்கைதான்.

வாரத்தில் எந்த நாள் என்பதில் பெரிய ரகசியம் இல்லை. ரிலீஸ் வாரம் வேண்டாம். வெள்ளி மாலை வேண்டாம், காரணம் மேலே சொன்னேன்.

யாருக்கு அனுப்புவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். தினமும் வேலை சொல்பவர் ஒருவர், உங்கள் அப்ரைசலில் கையெழுத்திடுபவர் வேறொருவர் என்பது ஐ.டி. சேவை நிறுவனங்களில் சகஜம். வாடிக்கையாளர் பக்கத்தில் அமெரிக்காவில் இருக்கும் லீட் உங்களை எவ்வளவு பாராட்டினாலும் உங்கள் சம்பளத்தை மாற்றும் அதிகாரம் அவருக்கு இல்லை. எச்.ஆர். போர்ட்டலில் ரிப்போர்ட்டிங் மேனேஜர் என்று யார் பெயர் இருக்கிறதோ அவரிடம்தான் கேட்க வேண்டும். வெளிநாட்டு லீடின் பாராட்டு மடல்களை அந்தப் பேச்சுக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

செய்தி

பெரும்பாலான அலுவலகங்களில் இது ஆங்கிலத்தில்தான் போகும். மொழி எதுவானாலும் உள்ளடக்கம் இப்படி இருக்கட்டும்:

"வணக்கம் சார். என் சம்பளம் பற்றிப் பேச உங்களோடு அரை மணி நேரம் ஒரு கால் வேண்டும். செப்டம்பரிலிருந்து பில்லிங் மாட்யூலின் டெஸ்டிங் பொறுப்பு முழுக்க என்னிடம் இருக்கிறது. அதற்கேற்ப என் கிரேடும் சம்பளமும் மாற வழி இருக்கிறதா, அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று உங்களிடம் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். அப்ரைசல் பரிந்துரைகள் போவதற்கு முன் பேசினால் உதவியாக இருக்கும். புதன் காலை 11 மணி அல்லது வியாழன் மாலை 4 மணி உங்களுக்குத் தோதுப்படுமா?"

இதில் "சம்பளம்" முதல் வரியிலேயே வந்துவிடுகிறது. இதுதான் பலருக்குக் கூச்சம் தரும் இடம். பணத்தைப் பற்றி நேராகக் கேட்டால் மரியாதைக் குறைவாகுமோ என்று "கரியர் பற்றி", "சில விஷயங்கள் பற்றி" என்று சுற்றி வளைக்கிறார்கள். மேனேஜரும் கரியர் பேச்சுக்கே தயாராகி வருகிறார். இருபத்தைந்து நிமிடம் என்னென்ன பயிற்சி எடுக்கலாம் என்று பேசிவிட்டு, கடைசி ஐந்து நிமிடத்தில் தயங்கித் தயங்கிச் சம்பளத்தை எடுத்தால் நேரம் முடிந்திருக்கும்.

காரணம் ஒரே வரி, அதுவும் எல்லோரும் அறிந்த உண்மை. பாராட்டுப் பட்டியல் இல்லை, இரவு பன்னிரண்டு மணி வரை விழித்த கதை இல்லை. அவற்றையெல்லாம் எழுதினால் செய்தியே வாதமாகிவிடும். மேனேஜர் பதில் வாதத்தை எழுத்தில் அனுப்புவார். எழுத்தில் ஒருமுறை "இப்போதைக்கு வாய்ப்பில்லை" என்று சொன்னவர் அதிலிருந்து இறங்கி வருவது கடினம். 9 லட்சம் என்ற எண்ணைச் செய்தியில் வைக்காததற்கும் இதே காரணம். அந்தச் செய்தி அப்படியே எச்.ஆருக்கு ஃபார்வர்டு ஆகலாம்; உங்கள் விளக்கம் இல்லாமல் எண் மட்டும் போய்ச் சேரும். எண் உங்கள் கையில் தயாராக இருக்கட்டும், அழைப்பில் உங்கள் வாயிலிருந்து வரட்டும்.

"உங்களிடம் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்" என்பதை நான் யோசித்தே வைத்தேன். "கொடுப்பீர்களா" என்று கேட்டால் ஆம், இல்லை என்ற இரண்டே பதில்தான். "என்ன வழி" என்று கேட்டால் மேனேஜர் தனக்குத் தெரிந்த நடைமுறையை எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும். அதில்தான் யார் முடிவெடுப்பவர், எப்போது என்ற தகவல் வெளியே வரும்.

விட வேண்டியவையும் சில உண்டு. "அவசரம்" வேண்டாம். "ரொம்ப நாளாக மனதில் இருக்கிறது" வேண்டாம். அது உடனே புகாரின் தொனியைக் கொண்டுவருகிறது. "தொந்தரவுக்கு மன்னிக்கவும்" வேண்டாம், நீங்கள் தவறேதும் செய்யவில்லை. கூட வேலை செய்பவர் எவ்வளவு வாங்குகிறார் என்பது செய்தியிலும் கூடாது, அழைப்பிலும் கூடாது. அடுத்த நிமிடமே பேச்சு உங்களை விட்டுவிட்டு, அந்தத் தகவல் எப்படிக் கசிந்தது என்பதற்குப் போய்விடும். வேறு நிறுவனத்தின் ஆஃபர் கையில் இருந்தாலும் இந்த முதல் செய்தியில் அதைச் சொல்லாதீர்கள். சொன்னால், பொறுப்பு மாற்றத்தின் கதவு மூடி, "இவரை நிறுத்தி வைப்பதா வேண்டாமா" என்ற கேள்வி மட்டும் மிஞ்சும்.

காலண்டர் அழைப்பில் கவனம் வேண்டும். பல நிறுவனங்களில் ஒருவர் காலண்டரில் இருக்கும் தலைப்புகள் டீமுக்கே தெரியும். "சம்பள உயர்வு பேச்சு" என்று தலைப்பிட்டு அனுப்பினால் மதிய உணவுக்குள் பத்துப் பேருக்கும் தெரிந்திருக்கும். சம்பளம் என்ற சொல் மேனேஜருக்குத் தனியாக அனுப்பும் செய்தியில் இருக்கட்டும். காலண்டரில் உங்கள் பெயரும் "தனிப் பேச்சு" என்பதும் போதும். அழைப்பைத் தனிப்பட்டது என்று குறிக்கும் வசதி இருக்கும், அதையும் போட்டுவிடுங்கள். வாராந்தரத் தனிச் சந்திப்பு ஏற்கெனவே இருக்கிறதென்றால் அதையே பயன்படுத்தலாம். "இந்த வாரம் அந்த நேரத்தைச் சம்பளம் பற்றிப் பேச எடுத்துக்கொள்ளலாமா" என்று இரண்டு நாள் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

சிறிய நிறுவனங்களுக்கு இவ்வளவும் பொருந்தாது. முதலாளியே சம்பளத்தைத் தீர்மானிக்கும் இடத்தில் பட்டியல் இல்லை, சமன் செய்யும் கூட்டமும் இல்லை. "சார், என் சம்பளம் பத்தி ஒரு பதினைந்து நிமிஷம் பேசணும், எப்ப வரட்டும்?" என்று நேரில் கேட்பதே அங்கே சரி. விஷயத்தின் பெயரையும் நேர அளவையும் சொல்லிக் கேட்பது மட்டும் அங்கேயும் மாறாது.

வரும் பதில்கள்

"என்ன எதிர்பார்க்கறீங்க? இங்கேயே சொல்லுங்களேன்" என்று மேனேஜர் கேட்கலாம். பெரும்பாலும் அவருக்கு நேரம் இல்லை, அவ்வளவுதான். "கொஞ்சம் விளக்கமாச் சொல்ல வேண்டியிருக்கு சார், பேசினா இருபது நிமிஷத்துல முடிஞ்சிடும். வியாழன் நாலு மணிக்கு வைக்கட்டுமா?" என்று பதில் போடுங்கள்.

"அப்ரைசல் வரட்டும், அப்ப பாப்போம்" என்பது அடிக்கடி வரும் பதில். இதை மறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. "சரி சார். உங்க பரிந்துரை எந்தத் தேதிக்குள்ள போகணும்னு சொன்னீங்கன்னா, அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி பேசிடலாம்" என்று தேதியைக் கேளுங்கள். தேதி சொன்னால் அவர் உண்மையாகவே காத்திருக்கச் சொல்கிறார். தேதியைத் தவிர்த்துக்கொண்டே இருந்தால் அவர் இந்தப் பேச்சை விரும்பவில்லை என்று பொருள்; அப்போது எச்.ஆரிடம் பதவி உயர்வு நடைமுறையைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

"எச்.ஆர்.கிட்ட பேசுங்க" என்றால், "பேசறேன் சார். ஆனா வேலையைப் பத்தி அவங்க உங்ககிட்டதான் கேப்பாங்க. அதுக்கு முன்னாடி உங்க கருத்து தெரிஞ்சா நல்லா இருக்கும்" என்று சொல்லலாம். அது உண்மையும்கூட. பதிலே வராவிட்டால் மூன்று வேலை நாள் பொறுத்து, பழைய செய்தியின் கீழேயே புதிதாக இரண்டு நேரம் மட்டும் கொடுத்து அனுப்புங்கள். தொனி மாற வேண்டாம்.

"வேலையை விடப் போறீங்களா?" என்று கேட்டால் உங்கள் செய்தியில் எங்கோ பதற்றம் தெரிந்திருக்கிறது. "இல்லை சார், இங்கே இந்தப் பொறுப்பிலேயே தொடர்வதைப் பற்றித்தான் பேசணும்" என்று உடனே, எழுத்திலேயே தெளிவாக்குங்கள். நான் சொன்ன அந்தப் பொறியாளரிடம் இதைக் கேட்டிருக்க வேண்டியவன் நான்.

அழைப்புக்கு முன்னும் பின்னும்

நேரம் கிடைத்ததும் ஒரு கணக்கைப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்: சி.டி.சி.யில் 1.8 லட்சம் கூடினால் கைக்கு மாதம் எவ்வளவு வரும்? பேசிக் சம்பளம் சி.டி.சி.யில் பாதி, பி.எஃப். முழு பேசிக்குக்கும் பிடிக்கப்படுகிறது, கிராஜுவிட்டியும் சி.டி.சி.க்குள் காட்டப்படுகிறது என்று கொள்வோம். பேசிக்கில் கூடுவது 90,000. அதில் நிறுவனத்தின் பங்கான 12 சதவீத பி.எஃப். 10,800; உங்கள் பங்கு இன்னொரு 10,800; கிராஜுவிட்டி 4.81 சதவீதம், சுமார் 4,300. மொத்தம் ஏறக்குறைய 26,000 கழிந்து மீதி 1.54 லட்சம், அதாவது மாதம் சுமார் 12,800 ரூபாய். 15,000 ரூபாய் வரம்புக்கு மட்டும் பி.எஃப். பிடிக்கும் நிறுவனமென்றால் இதைவிடக் கூடும். இதெல்லாம் உயர்வு முழுவதும் நிலையான சம்பளத்தில் வந்தால் மட்டும்தான். அதே 1.8 லட்சத்தில் 90,000 வேரியபிள் பே என்று வந்தால் மாதக் கணக்கில் பாதியோ அதற்கு மேலோ குறைந்துவிடும். "நிலையான பகுதியில் எவ்வளவு?" என்ற கேள்வியை எழுதி வைத்துக்கொண்டு அழைப்பில் உட்காருங்கள்.

அழைப்பின் முதல் நிமிடத்தில் செய்தியில் எழுதியதையே திரும்பச் சொல்லுங்கள்; புதிதாக எதையும் சேர்க்க வேண்டாம். பிறகு செப்டம்பருக்கு முன்னும் பின்னும் உங்கள் வேலை எப்படி மாறியது என்று இரண்டு நிமிடம். பிறகு எண்: "இந்தப் பொறுப்புக்கு 9 லட்சம் சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன்." சொல்லி நிறுத்திவிடுங்கள். அந்த இடத்தில் வரும் மௌனம் தாங்க முடியாமல் "எட்டரையானாலும் பரவாயில்லை சார்" என்று தாமாகவே இறங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். மேனேஜர் அப்போது மறுத்துக்கொண்டிருக்கவில்லை, மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஆள் எடுப்பே நின்றிருக்கும் ஆண்டில், அல்லது உங்கள் கிரேடின் உச்ச வரம்பை நீங்கள் ஏற்கெனவே தொட்டிருந்தால், எவ்வளவு அழகாகக் கேட்டாலும் இந்தச் சுற்றில் பணம் வராமல் போகலாம். அப்போது பதவிப் பெயரையும் கிரேடையுமாவது இப்போதே மாற்ற முடியுமா, சம்பளத்தை மீண்டும் பார்க்கும் மாதம் எது என்று கேளுங்கள். கிரேடு மாறினால் அடுத்த சுற்றில் உச்ச வரம்பும் மேலே நகர்ந்திருக்கும்.

முடிக்கும்போது மூன்று விஷயம் உங்கள் குறிப்பில் இருக்க வேண்டும்: அடுத்த படி என்ன, முடிவு யாருடையது, எந்தத் தேதிக்குள் தெரியும். அன்றே, ஒரு மணி நேரத்துக்குள், மேனேஜருக்கு மட்டும் ஒரு மடல்: "நேரம் ஒதுக்கியதற்கு நன்றி சார். பில்லிங் மாட்யூல் பொறுப்புக்கு ஏற்ப கிரேடு மாற்றத்தை எச்.ஆரிடம் எடுத்துச் செல்வதாகச் சொன்னீர்கள். என் வேலை பற்றிய ஒரு பக்கக் குறிப்பை வெள்ளிக்குள் அனுப்புகிறேன். ஜனவரி 20-ஆம் தேதி வாக்கில் நிலவரம் தெரியும் என்றீர்கள். 21-ஆம் தேதி நான் உங்களைக் கேட்கிறேன்." அனுப்பிய கையோடு 21-ஆம் தேதியை உங்கள் காலண்டரில் குறித்துவிடுங்கள்.